படத்தில் மட்டும் இருக்கும் சோபா

காலி ஹாலைப் படம் பிடித்தால் அதன் அளவு பார்ப்பவருக்குப் பிடிபடாது. சுவர், தரை, மேலே ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். அகலம் பத்தடியா பதினான்கு அடியா என்று கண் ஊகிக்க அதில் பிடிமானம் இல்லை. அங்கே மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று இருந்தால் கதையே வேறு. சோபாவின் நீளம் நமக்குப் பழக்கம் என்பதால், மிச்சமுள்ள இடத்தைக் கண் தானாகவே அளந்துகொள்ளும்.

இதற்காகத்தான் வாடகை விளம்பரங்களில் காலி அறையின் படத்துக்குள் கணினி வழியே ஃபர்னிச்சரைச் சேர்க்கிறார்கள். விர்ச்சுவல் ஸ்டேஜிங் என்பது அதன் பெயர். முன்பெல்லாம் முப்பரிமாண மென்பொருள் தெரிந்த வடிவமைப்பாளர் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை. இன்று படத்தையும் ஒரு வர்ணனையையும் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் செய்து தருகின்றன. யாரிடம் கொடுத்தாலும், கிடைக்கும் படத்தின் தரம் நாம் எழுதிக்கொடுக்கும் வர்ணனையைப் பொறுத்தது. 'மாடர்ன் ஹாலாக மாற்று' என்று மட்டும் சொன்னால் ஏதோ ஒரு மாளிகையின் வரவேற்பறைதான் வந்து நிற்கும். வீடு பார்க்க வருகிறவர் வாசலிலேயே ஏமாந்துபோவார்.

தரையே அளவுகோல்

வர்ணனை எழுதுமுன் அறையை அளக்கவேண்டும். நம் ஊர் ஃபிளாட்டுகளில் இதற்கு ஒரு வசதி உண்டு. ஹாலில் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ்தான் போட்டிருப்பார்கள். படத்தில் தெரியும் டைல்களை எண்ணினாலே அறையின் அளவும், அதில் வைக்கப்போகும் பொருளின் அளவும் வந்துவிடும்.

வேளச்சேரி பக்கம் ஒரு இரண்டாம் மாடி ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். ஹால் 11 அடி அகலம், 16 அடி நீளம். வாசற்கதவருகே நின்று பார்த்தால் எதிர்க்கோடியில் கிழக்கு பார்த்த பால்கனிக் கதவு. இடப்பக்கம் வெற்றுச் சுவர். வலப்பக்கச் சுவரில் டிவிக்கான பிளக் பாயிண்ட். ஆக, சோபா இடப்பக்கச் சுவரை ஒட்டி, டிவியைப் பார்த்தபடி இருக்கவேண்டும்.

இப்போது 11 அடி அகலத்தைப் பங்கு போடலாம். சோபாவின் ஆழம் 3 அடி. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே காலை நீட்ட ஒன்றரை அடி. டீப்பாய் 2 அடி. நடந்துபோக 3 அடி. டிவி ஸ்டாண்டுக்கு ஒன்றரை அடி. கூட்டினால் சரியாக 11. அதாவது இந்த ஹாலில் சாதாரண மூன்று இருக்கை சோபா தாராளமாகக் கொள்ளும். ஆனால் எதிரே இன்னொரு சோபாவுக்கு இடமில்லை. ஒரு பக்கம் ஐந்தடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எல் வடிவ சோபாவைப் போட்டால் பால்கனிக்குப் போகும் வழி குறுகிவிடும். படத்தில் அதைப் போட்டுக் காட்டினால் அழகாக இருக்கலாம், வாழ முடியாது.

ஏமாற்று வேலை பெரும்பாலும் இந்த அளவில்தான் நடக்கிறது. மூன்று பேர் சோபாவின் நீளம் ஆறரையிலிருந்து ஏழடி. படத்தில் அதை ஐந்தடிக்குச் சுருக்கி வைத்தால், சுற்றிலும் இடம் மிஞ்சி ஹால் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். செய்தவருக்கே தெரியாமலும் இது நேரலாம். அதனால்தான் வர்ணனையில் டைல் கணக்கைக் கொடுத்துவிடுவது நல்லது: சோபாவின் நீளம் மூன்றரை டைல், ஆழம் ஒன்றரை டைல். வந்த படத்தில் எண்ணிப் பார்த்தால் சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும்.

படம் எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். போனில் 0.5x என்று வரும் அகலக் கோண லென்ஸ் அறையை இழுத்து நீட்டிக் காட்டும். ஓரத்தில் வைக்கும் சோபாவும் அதோடு சேர்ந்து கோணிப்போகும். சாதாரண 1x லென்ஸில், தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில் போனைப் பிடித்து, கதவு நிலைகள் செங்குத்தாகத் தெரியும்படி எடுத்தால் போதும். முழு அறையும் அடங்காவிட்டால் இரண்டு படமாக எடுக்கலாம்.

விரிப்பும் கோடுகளும்

தரைவிரிப்பு வெறும் அலங்காரம் இல்லை. உட்காரும் இடம் எது, நடக்கும் வழி எது என்று பிரித்துக் காட்டுகிற வேலை அதற்கு. நம் ஹாலுக்கு ஐந்தடிக்கு எட்டடி விரிப்பு பொருந்தும். எட்டடிப் பக்கம் சோபாவுக்கு இணையாக ஓடவேண்டும். சோபாவின் முன்கால்கள் விரிப்பின் மேல் இருக்கவேண்டும். டீப்பாய் முழுக்க அதன்மேல் நிற்கவேண்டும். எதையும் தொடாமல் நடுவில் கிடக்கும் சின்ன விரிப்பு, காலடி மிதியடி போல் தெரியும்.

சென்னை வெயிலுக்குத் தடித்த மயிர்க்கம்பளம் ஒட்டாது. பவானி ஜமுக்காளம் போல மெல்லிய, பட்டைக்கோடு போட்ட பருத்தி விரிப்பைக் கேட்கலாம். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. விரிப்பின் நீண்ட ஓரங்களும், அதே திசையில் ஓடும் டைல் இடுக்குக் கோடுகளும், தூரத்தில் ஒரே புள்ளியை நோக்கிக் குவியவேண்டும். விரிப்பு வேறு திசையில் சாய்ந்தால், அது தரையில் கிடக்காமல் மிதப்பதுபோல் தோன்றும். பட்டைக்கோடுகள் இந்தப் பிழையை ஒளிய விடாமல் காட்டிக்கொடுக்கும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

போலிப் படத்தை முதலில் காட்டிக்கொடுப்பது நிழல். காலை பத்து மணிக்கு எடுத்த நம் படத்தில் வெளிச்சம் எதிர்க்கோடிப் பால்கனியிலிருந்து நம்மை நோக்கி வருகிறது. அப்படியானால் சோபாவின் பால்கனிப் பக்கக் கைப்பிடி பளிச்சென்றும், நம் பக்கக் கைப்பிடி மங்கலாகவும் இருக்கவேண்டும். நிழலும் நம் பக்கமாகவே விழவேண்டும். சோபாவின் கால் தரையைத் தொடும் இடத்தில் அடர்ந்த சிறு நிழல் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல சோபாவும் ஒட்டிவைத்த படமாகத்தான் தெரியும்.

பளபளக்கும் டைலில் இன்னொரு சங்கதி. பால்கனிக் கதவின் வெளிச்சம் தரையில் நீளமாகப் பிரதிபலிக்கும். டீப்பாயின் கால்களும் சோபாவின் அடிப்பகுதியும் அப்படியே தரையில் மங்கலாகத் தெரியவேண்டும். விரிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் பளபளப்பு நின்றுவிடவேண்டும்.

பகல் படத்தில் மஞ்சள் ஒளி வீசும் நிற்கும் விளக்கை எரியவிடுவது தேவையில்லாத வேலை. விளக்கு வேண்டுமானால் அணைத்தபடி, பிளக் பாயிண்ட் இருக்கும் மூலையில் வைக்கலாம். மின் இணைப்பே இல்லாத கூரையில் தொங்கும் விளக்கு வைப்பது பொய். அடுத்த கட்டடத்தின் சுவர் ஜன்னலை அடைத்து நிற்கும் அறையில் வெயில் அடிப்பதாகக் காட்டுவது அதைவிடப் பெரிய பொய்.

எழுதிக்கொடுக்கும் வர்ணனை

இத்தனையும் சேர்ந்தால் வர்ணனை இப்படி அமையும்:

'படத்தில் உள்ள சுவர், தரை, கதவு, ஜன்னல் கம்பி, மின்விசிறி, சுவிட்ச் போர்டு, வெளிக்காட்சி எதையும் மாற்றவோ நீக்கவோ கூடாது. கேமராக் கோணமும் அறையின் அளவும் அப்படியே இருக்கவேண்டும். இடப்பக்கச் சுவரை ஒட்டி, வெளிர் சாம்பல் நிறத் துணி சோபா ஒன்று. மூன்று இருக்கை, நீளம் ஏழடி, அதாவது மூன்றரை டைல். தரை தெரியும்படி மெல்லிய மரக்கால்கள். அதன் முன்கால்களுக்கு அடியில் தொடங்கி, ஐந்துக்கு எட்டடி பட்டைக்கோடு பருத்தி விரிப்பு. நீளம் சோபாவுக்கு இணை. விரிப்பின் மேல் சிறிய மர டீப்பாய். வெளிச்சம் பால்கனியிலிருந்து வரும் காலை வெளிச்சம் மட்டும். நிழல்கள் கேமராவை நோக்கி. டைலில் மங்கலான பிரதிபலிப்பு. வேறு பொருள் வேண்டாம்.'

முதல் வாக்கியம்தான் முக்கியம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சோபா வைப்பதோடு நிற்பதில்லை. கேட்காமலே அறையைச் சீர்திருத்திவிடும். மின்விசிறி காணாமல் போகும். ஜன்னல் கம்பி மறையும். சுவரில் இருந்த ஓதம் துடைக்கப்பட்டிருக்கும். டைல் வரிசையில் ஒன்று கூடி, அறை இரண்டடி அகன்றிருக்கும். இதைப் பிடிக்க எளிய வழி, போனில் மூலப்படத்தையும் புதுப்படத்தையும் அடுத்தடுத்து வைத்து விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பது. ஃபர்னிச்சர் தவிர வேறு எது அசைந்தாலும் அந்தப் படம் ஆகாது.

படத்தின் மேலேயே எழுதுங்கள்

வாடகை விளம்பரத்தில் இந்தப் படம் கூடுதல் குழப்பத்தைத் தரும். வீடு வாங்குபவர் சோபாவைத் தன்னுடையதாக நினைக்கமாட்டார். வாடகைக்கு வருபவரோ, சோபாவைப் பார்த்ததும் இது ஃபர்னிஷ்டு வீடு, வாடகையில் இதுவும் சேர்த்தி என்று எண்ண இடமிருக்கிறது. எனவே அறிவிப்பில் இரண்டு செய்தி இருக்கவேண்டும்: படம் மாற்றப்பட்டது, பொருட்கள் வீட்டோடு வராது.

'விர்ச்சுவல் ஸ்டேஜிங்: சோபா, விரிப்பு, டீப்பாய் கணினியில் சேர்க்கப்பட்டவை. வீடு ஃபர்னிச்சர் இல்லாமல் வாடகைக்கு.' இவ்வளவு போதும்.

இதை விளம்பரத்தின் விவரப் பகுதியில் மட்டும் போட்டால் பயனில்லை. படம் வாட்ஸ்அப்பில் கைமாறும்போது விவரம் கூடவே போகாது. படத்தின் கீழ்ப்பகுதியிலேயே, ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதவேண்டும்; இணையதளங்கள் முகப்புப் படத்தின் ஓரங்களை வெட்டிவிடுவது உண்டு. போன் திரையில் பெரிதாக்காமல் படிக்க முடிந்தால்தான் அது அறிவிப்பு. அடுத்த படமாக அதே கோணத்தில் காலி அறையின் மூலப்படம் கட்டாயம் இருக்கவேண்டும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வீட்டு விற்பனை விளம்பரங்களுக்கு இது சட்டமாகவே வந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், மாற்றிய படத்தைப் போடும் முகவர் அதை அறிவிக்கவும், மூலப்படத்தைப் பார்க்க வழி தரவும் வேண்டும். வெளிச்சம், நிறம் சரிசெய்வது, கோணல் நிமிர்த்துவது, ஓரம் வெட்டுவது போன்ற வழக்கமான திருத்தங்களுக்கு அந்தச் சட்டம் விலக்கு தருகிறது. வாடகைப் படத்துக்கும் அந்தக் கோடு பொருந்தும்: கேமராவின் குறையைச் சரிசெய்யலாம், வீட்டின் குறையை மறைக்கக் கூடாது.

சமையலறைக்கும் குளியலறைக்கும் இந்த வேலையே வேண்டாம். அங்கே பார்க்க வருபவர் தேடுவது சிங்க், குழாய், மேடையின் நீளம், கீசர் பாயிண்ட், வாஷிங் மெஷின் வைக்க இடம். அவற்றைக் காலியாக, துடைத்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் போதும். ஹாலுக்கு ஒன்று, பெரிய படுக்கையறைக்கு ஒன்று என இரண்டு ஸ்டேஜிங் படங்கள் ஒரு விளம்பரத்துக்குத் தாராளம். மற்றதெல்லாம் வீடு இருக்கிறபடியே இருக்கட்டும்.