பாட்டி சிரிச்சா ஏன் வாய் கோணுது? பிளெண்ட் ஷேப்பும் ஒரு திருத்தமும்

கள்ளக்குறிச்சியிலேர்ந்து ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். கல்வராயன் மலைப் பாட்டி ஒருத்தங்க கதை சொல்ற மாதிரி குட்டி அனிமேஷன் படம், பிளெண்டர்ல பண்றாராம். “அண்ணா, பாட்டி சும்மா சிரிச்சா அழகா இருக்கு. சிரிச்சுக்கிட்டே ‘ஆமா’ன்னு வாயைத் திறந்தா, யாரையோ நக்கல் அடிக்கிற மாதிரி ஆயிடுது.” இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு ‘ஆமா’தான்.

முதல்ல பிளெண்ட் ஷேப்னா என்ன? பாட்டி முகம் ஆயிரக்கணக்கான புள்ளிகளால ஆனது. சாதாரண முகம் ஒண்ணு, சிரிச்ச முகம் ஒண்ணு செதுக்குறோம். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர்ந்திருக்குங்கிற வித்தியாசத்தை மட்டும் கம்ப்யூட்டர் எடுத்து வெச்சுக்கும். ஸ்லைடரை 0.5-ல வெச்சா பாதி தூரம், 1-ல வெச்சா முழு தூரம். ரெண்டு ஸ்லைடரை ஒண்ணா தள்ளினா ரெண்டு நகர்வையும் அப்படியே கூட்டிடும். பிரச்சினை இந்தக் கூட்டல்லதான்.

பாட்டியோட வாய் ஓரத்துல ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்குவோம். கணக்குக்காக நானே எண் வெச்சுக்கறேன். சிரிப்பு அதை வெளிப்பக்கம் 12 மில்லிமீட்டர், மேல 6 இழுக்குது. தாடை திறப்பு உள்பக்கம் 4, கீழ 10 இழுக்குது. கூட்டினா? வெளிய 8, கீழ 4. சிரிப்பு ஸ்லைடர் முழுசா 1-ல நிக்குது, ஆனா வாய் ஓரம் தொங்குது! கன்னம் மட்டும் மேல ஏறியிருக்கு. தம்பி பார்த்த நக்கல் இதுதான்.

நிஜ முகத்துல இப்படிக் கூட்டல் நடக்காது. கன்ன எலும்புலேர்ந்து வாய் ஓரம் வரைக்கும் ஒரு தசை இருக்கு, சைகோமேட்டிக்கஸ் மேஜர். எக்மனும் ஃப்ரீசனும் 1978-ல முக அசைவுகளுக்கு எண் கொடுத்தப்போ, இந்தத் தசையோட இழுப்புக்கு 12-ன்னு வெச்சாங்க. அது இறுக்கிப் பிடிச்சிருக்கும்போது தாடை திறந்தா, கீழ்உதட்டோட நடுப்பகுதி நல்லா இறங்கும். ஓரம் பெருசா இறங்காது. நம்ம பாட்டிக்கு அது வெளிய 9, மேல 1-ல நிக்கணும்னு வெச்சுக்குவோம். கூட்டல்ல வந்தது வெளிய 8, கீழ 4. ஆக, குறையுறது வெளிய 1, மேல 5. இந்தக் குறையைத்தான் தனி ஷேப்பா செதுக்கணும். இதுக்குப் பேரு கரெக்டிவ் ஷேப்.

செய்முறை இதுதான். ரெண்டு ஸ்லைடரையும் 1-ல வைங்க. புதுசா ஒரு ஷேப் கீ சேர்த்து அதையும் 1-க்குக் கொண்டு வாங்க. பின் படம் போட்ட பட்டன் ஆஃப்ல இருக்கான்னு பார்த்துட்டு, கோணல் வாய் கண்ணுக்குத் தெரியும்போதே அது மேல செதுக்குங்க. `New Shape from Mix` பக்கம் மட்டும் போயிடாதீங்க. அது முழு முகத்தையும் சேமிச்சிடும். அதுல செதுக்கிட்டு மறுபடி மேல கூட்டினா அந்தப் புள்ளி வெளிய 17-க்குப் போயிடும். வாய் காது வரைக்கும் கிழிஞ்சா காரணம் அநேகமா இதுதான்.

அடுத்து, இந்தத் திருத்தம் எப்போ வரணும்? ரெண்டும் சேரும்போது மட்டும். அதனால புது ஷேப்போட மதிப்புல ஒரு டிரைவர் போட்டு, மத்த ரெண்டு ஸ்லைடரையும் அதுல வேரியபிளா சேர்த்து, பெருக்கி விடுங்க:

```
smile * jaw
```

சிரிப்பு மட்டும் இருந்தா 1 × 0, திருத்தம் வராது. ரெண்டும் பாதின்னா 0.25 தான் வரும். நம்ம மாதிரி ப்ரோகிராமர்களுக்கு உடனே `if` போடத் தோணும். வேணாம், ஒரு ஃப்ரேம்ல உதடு டக்குன்னு குதிக்கும். போட்டு முடிச்சதும் ஸ்லைடர் ரெண்டையும் 0-லேர்ந்து 1 வரைக்கும் மெதுவா இழுத்துப் பாருங்க. நடுவுல எங்கயாவது மறுபடி தொங்கினா, அந்த 0.25 பத்தலைன்னு அர்த்தம். பாதி நிலைக்குன்னு இன்னொரு ஷேப் செதுக்கணும்.

எல்லா ஜோடிக்கும் இப்படிச் செய்யணுமான்னு கேட்பீங்க. ஐபோன் முகத்தைப் படிச்சுத் தர்ற ஏஆர்கிட் பட்டியல்ல 52 ஷேப் இருக்கு. ஜோடி போட்டா 1,326. ஆயுசு பத்தாது! பாட்டி பேசுற வசனத்தை முதல்ல எழுதி வைங்க, அதுல வர்ற ஜோடிக்கு மட்டும் செதுக்குங்க.

‘ஆமா’லயே ரெண்டாவது ஜோடி ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, அந்த ‘மா’. உதடு ரெண்டும் ஒட்டினாத்தான் ‘ம்’ வரும். சிரிப்பு உதட்டை இழுத்து மெலிசாக்கிடுறதால, நடுவுல ஒரு கோடு மாதிரி இடைவெளி விழும். சிரிப்பும் உதடு மூடலும் சேர்ற இடத்துல இன்னொரு கரெக்டிவ் போட்டு அதை அடைக்கணும்.

ஒண்ணு மட்டும் தம்பி, செதுக்கும்போது இன்டர்நெட்ல கிடைக்கிற இருபது வயசு மாடல் முகத்தைப் பார்த்துச் செதுக்காதீங்க. பல் விழுந்த வாய்ல உதட்டுக்குப் பின்னாடி தாங்கிப் பிடிக்க ஒண்ணும் இருக்காது. உதடு உள்ள மடியும், ஓரத்துச் சுருக்கம் வேற பக்கம் ஓடும். மலைக்குப் போய், சம்மதம் சொல்ற ஒரு பாட்டிகிட்ட உட்கார்ந்து பேசுங்க. அவங்க சிரிச்சுக்கிட்டே “ஆமாய்யா”ன்னு சொல்றதை நேராவும் பக்கவாட்டுலயும் வீடியோ எடுத்துட்டு வாங்க.