இரண்டு யூனிட் சொன்ன உண்மை

அண்ணன் மகன் செகண்ட் ஹேண்ட் மின்சார ஸ்கூட்டர் ஒன்றுக்கு விலை பேசி, முன்பணம் கொடுக்கும் முன் என்னைக் கூப்பிட்டான். மூன்று வருட வண்டி, 21,000 கிலோமீட்டர் ஓடியது, விலை 62,000. "பேட்டரி புதுசு மாதிரி இருக்கு சார், 300 சார்ஜ்கூட ஆகலை" என்றார் விற்பவர்.

அவர் கணக்கு சரிதான். முழு சார்ஜுக்கு 75 கிலோமீட்டர் என்று வைத்தால் 280 முறை. பாதி பாதியாக இருமுறை ஏற்றினால் அது ஒரு முறைதான். இந்த வகை லித்தியம் பேட்டரி பல நூறு முறை தாங்கும். ஆனால் அந்த எண் உழைப்பை மட்டுமே காட்டும். முழு சார்ஜோடு வெயிலில் நாள்கணக்கில் நின்ற வண்டியின் பேட்டரி ஓடாமலே கெடும். இந்த வண்டி நின்றதோ தகரக் கொட்டகையில்.

அதனால் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே செருகும் யூனிட் மீட்டர் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். முதலில் ஓட்டிப் பார்த்தோம். 34 சதவீதம் வரை ஒழுங்காக இறங்கியது, ஒரு மேம்பாலம் ஏறியதும் சட்டென்று 20 ஆனது. இப்படிக் குதித்தால், வரிசையாக இணைந்த செல்களில் ஏதோ ஒரு தொகுதி மற்றவற்றைவிடப் பலவீனம் என்று சந்தேகிக்க வேண்டும்.

20-லிருந்து 100 வரை சார்ஜ் போட்டோம். மூன்று மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். 100 காட்டியதும் பிடுங்கவில்லை. கடைசியில் செல்களைச் சமன்படுத்தும் வேலை நடக்கும், சார்ஜர் தானாக நிற்கும்வரை விட வேண்டும். மீட்டர் 2.0 யூனிட்டில் நின்றது.

சார்ஜரின் சூட்டில் எட்டில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தால், பேட்டரிக்குள் போனது 1.75. இது 80 சதவீதத்துக்கு. முழுதுக்கு ஏறத்தாழ 2.2. புதிதில் 3 யூனிட் கொள்ளும் பேட்டரி இது. மிச்சம் 73 சதவீதம். திரையின் சதவீதமே ஒரு மதிப்பீடுதான் என்பதால் ஓரிரு புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் நல்ல பேட்டரி என்றால் சுமார் 2.7 யூனிட் இழுத்திருக்க வேண்டும்; இத்தனை வித்தியாசம் மீட்டர் பிழையால் வராது.

சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து இரண்டு கேட்டோம். வாரண்டி காலம் முடிந்திருந்தது. புதிய பேட்டரி, வரி சேர்த்து, 55,000. அதை எழுதியே வாங்கிக்கொண்டோம். வண்டி விலையோடு கூட்டினால் 1,17,000. அதே ரகத்தில் புது வண்டியே 1,05,000-க்குக் கிடைத்தது.

"சித்தப்பா, 35,000-க்குக் கேட்கட்டுமா?" என்றான். கேள் என்றேன். எழுதின தாளையும் மீட்டரையும் காட்டிக் கேட்டான். விற்பவர் 55,000-க்குக் கீழே இறங்கவில்லை. அவன் மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பினான்.