இறப்பர் ஆலைக் கழிவுநீர்: 340 என்ற இலக்கம் என்ன சொல்கிறது?

இறப்பர் மரத்தில் வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். மிச்சமெல்லாம் நீர், அந்த நீரில் புரதம், சர்க்கரை, கொழுப்பு, உப்பு என்று மரம் தனக்காகச் சேர்த்துவைத்தவை கரைந்திருக்கின்றன. மாத்தளை மாவட்டத்தில் எல்கடுவை, இரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் வெட்டி எடுக்கும் பாலை ஆலைக்குக் கொண்டுவந்து, தண்ணீர் கலந்து, போமிக் அமிலம் ஊற்றி உறையவைப்பார்கள். உறைந்த கட்டி உருளைகளுக்குப் போகும். தொட்டியில் தங்கும் மங்கலான மஞ்சள் நீர் வாய்க்காலுக்குப் போகும். உருளைகளைக் கழுவும் நீரும் அதோடு சேரும். ஒரு நாள் அப்படியே தேங்க விட்டால் புளித்த வாடை அடிக்கும். இரண்டு மூன்று நாள் விட்டால் அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றத்துக்கு முன்னமே நீரிலிருந்த ஒட்சிசன் தீர்ந்துபோயிருக்கும்.

இந்த நீரை வெளியே விடும் ஆலைக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரியில் வெளியான 1534/18ஆம் இலக்க வர்த்தமானி, எந்த ஆலை எந்த அளவுக்குள் கழிவுநீரை விடலாம் என்று அட்டவணை போட்டிருக்கிறது. அதில் இரசாயன ஒட்சிசன் கேள்வி என்று ஒரு வரி வரும். ஆய்வுகூடத்தில் எல்லோரும் அதைச் சுருக்கமாக சீ.ஓ.டி. என்றே சொல்வார்கள். பொதுவான ஆலைக் கழிவுநீர் ஆறு, ஓடைகளில் விழுவதானால் லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இறப்பர் ஆலைகளுக்குத் தனி அட்டவணை; அங்கே 400 வரை இடம் உண்டு.

ஓர் ஆலையின் வெளிவாய்க்கால் அறிக்கையில் 340 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நான் இங்கே கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்தான் இது. குறிப்பிட்ட எந்த ஆலையையும் சொல்லவில்லை. 400க்குக் கீழே இருக்கிறது, சரி என்று கையெழுத்துப் போட்டு அறிக்கையைக் கோவையில் வைத்துவிடலாம். ஆனால் அந்த 340 எப்படிப் பிறந்தது என்று தெரிந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் கோவையை மூட மாட்டார்கள்.

நீரிலுள்ள கரிமப் பொருள் முழுவதையும் எரித்துவிட எவ்வளவு ஒட்சிசன் தேவைப்படும் என்பதுதான் கேள்வி. ஆய்வுகூடத்தில் ஒட்சிசன் வாயுவை வைத்து எரிப்பதில்லை. அந்த வேலையைப் பொற்றாசியம் இருகுரோமேற்று செய்கிறது. செம்மஞ்சள் நிறக் கரைசல் அது. தன்னிடமுள்ள ஒட்சிசனைக் கொடுக்கக் கொடுக்கப் பச்சையாக மாறும். 20 மில்லிலீற்றர் மாதிரியைக் குடுவையில் எடுத்து, குளோரைட்டைக் கட்டிப்போடக் கொஞ்சம் இரச சல்பேற்றுச் சேர்த்து, அளந்த 10 மில்லிலீற்றர் இருகுரோமேற்றை விடுவார்கள். பிறகு வெள்ளி சல்பேற்று கரைத்த செறிந்த சல்பூரிக் அமிலத்தை 30 மில்லிலீற்றர் வரை மெதுவாக, குளிரவைத்துக் குளிரவைத்து ஊற்றுவார்கள். அவசரப்பட்டு ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்; மாதிரியிலுள்ள ஆவியாகும் பொருளும் அப்போதே பறந்துவிடும். குடுவைக்கு மேல் ஒடுக்கியைப் பொருத்தி இரண்டு மணி நேரம் 150 பாகை செல்சியசு அளவில் கொதிக்கவிட்டால், எழும் ஆவி குளிர்ந்து திரும்பக் குடுவைக்கே விழும். அமிலமும் சூடும் வெள்ளியும் சேர்ந்தால்தான் அசற்றிக் அமிலம் போன்ற பிடிவாதக்காரப் பொருள்கள் முழுதாக எரியும். வெள்ளி குறைந்தால் அவை பாதியில் தப்பிக்கும். இலக்கம் பொய்யாகக் குறையும்.

அடுத்து, எரிக்காமல் மிஞ்சியிருக்கும் இருகுரோமேற்று எவ்வளவு என்று நியமிப்பில் பார்க்க வேண்டும். அளவியிலிருந்து பெரசு அமோனியம் சல்பேற்றுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, நீலப்பச்சையாக இருந்த குடுவை ஒரு சொட்டில் செங்கபில நிறத்துக்குப் புரளும். பெரோயின் என்ற காட்டி செய்யும் வேலை அது. மாதிரிக்குப் பதில் தூய நீரை வைத்து இதே பாடு முழுவதையும் ஒருமுறை பட்டிருப்பார்கள். அதை வெற்று என்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மாதிரி தின்ற இருகுரோமேற்று.

COD = (A − B) × M × 8000 ÷ V

A வெற்றுக்குச் சென்ற அளவு, B மாதிரிக்குச் சென்ற அளவு, M பெரசுக் கரைசலின் செறிவு, V மாதிரியின் மில்லிலீற்றர். வெற்றுக்கு 24.6 மில்லிலீற்றர், மாதிரிக்கு 16.1, செறிவு 0.1 என்றால் வித்தியாசம் 8.5, 8.5 × 0.1 × 8000 ÷ 20 = 340. அந்த இலக்கம் பிறந்தது இப்படித்தான்.

சுத்திகரிப்புக்கு முன்னால் எடுத்த மாதிரியில் இதே கணக்கு வேறு கதை சொல்லும். உறைதொட்டி நீரை அப்படியே 20 மில்லிலீற்றர் எடுத்தால் கொதி வருவதற்குள்ளேயே குடுவை முழுப் பச்சையாகிவிடும். இருகுரோமேற்று தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் குடுவையை நியமித்து எழுதும் எந்த இலக்கமும் உண்மையை விடக் குறைவாகவே இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி தொடங்க வேண்டும். நீர்த்த மாதிரிக்கு 14.2 மில்லிலீற்றர் போனால் வித்தியாசம் 10.4, இலக்கம் 416, பத்தால் பெருக்கினால் 4160. வெற்றின் அளவில் பாதிக்கு மேல் இருகுரோமேற்று மிஞ்சியிருப்பதால் இந்த 4160ஐ நம்பலாம். செய்த கை சரியா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. லீற்றருக்கு 425 மில்லிகிராம் பொற்றாசியம் ஐதரசன் தலேற்றுக் கரைத்த நீருக்குக் கிட்டத்தட்ட 500 வர வேண்டும். அறிக்கையோடு அந்தச் சோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கும் ஆய்வுகூடத்தின் மற்ற இலக்கங்களையும் நான் நம்ப மாட்டேன்.

இறப்பர் நீருக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. உறையாமல் தப்பிய இறப்பர்த் துகள்கள் மேலே மிதக்கும். போத்தலைக் குலுக்காமல் எடுத்தால் ஒரு குழாயில் துகள் வரும், மறு குழாயில் வராது. ஒரு கிராம் இறப்பர் எரிய மூன்று கிராமுக்கு மேல் ஒட்சிசன் வேண்டும் என்பதால் சிறு துகள் கூட இலக்கத்தை ஆட்டிவிடும். கிரேப் இறப்பர் பழுப்பேறாமல் காப்பதற்குச் சோடியம் மெற்றாபைசல்பைற்றுப் போடுவார்கள். அது கரிமப் பொருளே அல்ல. ஆனாலும் இருகுரோமேற்றைத் தின்னும். ஆற்றிலும் ஒட்சிசனைத் தின்னும். தொட்டியில் அது குறைந்தால், நுண்ணுயிர்கள் உண்டு குறைத்ததாக எண்ணிவிடக் கூடாது.

பாலை உறையாமல் வைத்திருக்க அமோனியா சேர்ப்பதும் உண்டு. இந்தச் சோதனையில் அமோனியா எரிவதில்லை. ஆற்றில் போனால் நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றும். ஒரு கிராம் அமோனியா நைதரசனுக்கு நாலரைக் கிராமுக்கு மேல் ஒட்சிசன் செலவாகும். ஆகவே சீ.ஓ.டி. நன்றாக இருந்தும் ஓடையில் மீன் செத்தால், அறிக்கையின் நைதரசன் வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உயிரியல் ஒட்சிசன் கேள்வி என்ற பக்கத்து வரியோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் 340க்கு முகம் வரும். அந்தச் சோதனையில் நுண்ணுயிர்கள் ஐந்து நாள் உண்பது மட்டுமே கணக்கு. உள்ளே போன நீரில் 4160க்கு 2300 என்று இருந்தால் பாதிக்கு மேல் நுண்ணுயிருக்கு உணவு. புரதமும் சர்க்கரையும் உள்ள நீரில் அப்படித்தான் இருக்கும். வெளியே வரும் 340க்கு 45 என்று இருந்தால், இலகுவானதையெல்லாம் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று முடித்துவிட்டன, செரிக்கக் கடினமான எச்சமே மீதி. அதே 340க்கு 200 என்று இருந்தாலோ தொட்டி வேலை செய்யவில்லை; வெறும் நீர் கலந்து இலக்கத்தை இறக்கியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். ஒரு நாளைக்கு 100 கனமீற்றர் நீர் போகும் ஆலையில் 340 என்றால் நாளொன்றுக்கு 34 கிலோ ஒட்சிசன் கேள்வி. பாதிக்குப் பாதி கிணற்று நீர் சேர்த்தால் இலக்கம் 170 ஆகும். போகும் நீர் 200 கனமீற்றர். கிலோ அதே 34தான்.

மாத்தளையில் இந்தக் கிலோக் கணக்கு மிக முக்கியம். மகாவலித் திட்டத்தில் 1976 முதல் பொல்கொல்லையில் தடுத்த நீர் சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து சுது கங்கையில் விழுகிறது. அங்கிருந்து போவதன்னைக்கும், அதற்கப்பால் வரண்ட வலயக் குளங்களுக்கும் போகிறது. மின்நிலையத்துக்குக் கீழே அந்தப் பெருநீரில் எந்த ஆலையின் கழிவும் கரைந்து இலக்கமற்றுப் போகும். ஆற்றில் மாதிரி எடுத்து எல்லாம் நலம் என்று சொல்வது எளிது. கழிவு முதலில் விழுவது ஆற்றில் அல்ல, தோட்டத்துக்குள் ஓடும் சின்ன ஓடையில். அந்த ஓடையில்தான் லயத்துச் சனங்கள் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள்.

வர்த்தமானி இதை மறந்துவிடவில்லை. அட்டவணையின் குறிப்பில், இந்த வரையறைகள் கழிவுநீர் விழும் இடத்தில் குறைந்தது எட்டு மடங்கு தூய நீர் இருக்கிறது என்ற அடிப்படையில் போட்டவை; நீர் அதைவிடக் குறைந்தால் வரையறையும் அதே விகிதத்தில் குறையும் என்று இருக்கிறது. நாளொன்றுக்கு 100 கனமீற்றர் என்றால் விநாடிக்கு ஒன்றேகால் லீற்றருக்குச் சற்றுக் குறைவு. எட்டு மடங்குக்கு ஓடையில் விநாடிக்கு ஒன்பது லீற்றருக்கு மேல் ஓட வேண்டும். வடகீழ்ப் பருவ மழையின்போது அது ஓடும். மழை ஓய்ந்த பிறகு, கல்லிலிருந்து விழும் நீருக்கடியில் பத்து லீற்றர் வாளியை வைத்தால் நிறைய இரண்டு விநாடிக்குச் சற்று மேல் எடுக்கிறதென்றால், ஓடையில் இருப்பது நான்கு மடங்குதான். அப்போது அந்த ஆலைக்கு வரையறை 400 அல்ல, 200. அதே 340 வரம்பு மீறிவிட்டது.

மாதிரி எடுத்த நாளில் ஓடையில் எவ்வளவு நீர் ஓடியது என்று குறிப்பதற்கு நான் பார்த்த அறிக்கைப் படிவங்களில் ஒரு வரி கூட இல்லை. எடுத்த நேரம் எழுதியிருக்கும். உறைதொட்டியைத் திறந்துவிட்ட நேரமா, உருளை கழுவிய நேரமா என்று எழுதியிருக்காது. இந்த இரண்டும் இருந்தால், மாதிரி எடுத்தவர் மட்டுமல்ல, வேறு யாரும் அந்த 340ஐப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியும். வாளியும் கைக்கடிகாரமும் ஆய்வுகூடத்துக் குடுவையை விட மலிவானவை. அடுத்த தடவை மாதிரிப் போத்தலோடு சேர்த்து ஓடைக்குக் கொண்டுபோகலாம்.