மூஸில் ஜெலட்டின் உண்டா?

திருமண வரவேற்பு மெனுவில் மாம்பழ மூஸ் இருந்தால், சமையல் ஒப்பந்தக்காரரிடம் அது ‘வெஜ்தானே?’ என்று கேட்பது போதாது. முட்டை சேர்க்காததையே பலர் வெஜ் என்பார்கள். மூஸை உறைய வைக்கும் ஜெலட்டினோ மாடு, பன்றி போன்றவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. கேள்வியைப் பொருளின் பெயர் சொல்லியே எழுதியனுப்ப வேண்டும்:

“வணக்கம். வரவேற்பன்று தரும் மாம்பழ மூஸிலும் மேலே ஊற்றும் கிளேஸிலும் ஜெலட்டின் சேர்க்கிறீர்களா? சைவ விருந்தினர் பலர் வருகிறார்கள். ஆயத்தப் பவுடர் என்றால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். ஜெலட்டின் இருந்தால் சைனா கிராஸில் செய்ய முடியுமா?”

கிளேஸைத் தனியாகக் கேட்பது வீண் நச்சரிப்பல்ல; மூஸை மாற்றிவிட்டு அதை மறந்துவிடுவது எளிது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சைனா கிராஸ் கடற்பாசியிலிருந்து வருவது. அதைக் கொதிக்கவைத்துக் கரைக்க வேண்டும். வெந்நீரில் கலக்கினால் மட்டும் போதாது. உறைந்தபின் ஜெலட்டின் போல வாயில் கரையாது, சற்றே கட்டியாக நிற்கும். ஆகவே முன்கூட்டியே மாதிரி கேட்டுச் சுவைப்பது நல்லது. வெயிலில் ஜெலட்டின் இனிப்பு தளர்ந்துவிடும், சைனா கிராஸ் அசையாது.

பால் பொருளையும் தவிர்க்கும் வீகன் விருந்தினர் இருந்தால் க்ரீமைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். ஜெலட்டின் இல்லை என்ற பதில் அவர்களுக்குப் போதாது.