சரக்கு குறைந்தால் கோளாறு தெரியும்

திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் அமர ராஜா நிறுவனம் பேட்டரி தயாரிக்கிறது. ஈயத் தகடு பேட்டரி செய்யும் ஆலைகளில் சரக்கு தேங்கும் இடங்கள் பல. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ வகுத்த ஏழு வீண்செலவுகளில் இந்தத் தேக்கமும் ஒன்று. அதில் பணம் முடங்குவது ஒரு பங்குதான். மற்ற கோளாறுகளை அது மறைத்துவிடுவதே பெரிய நஷ்டம்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். ஓர் ஆலை நாளுக்கு 1,000 பேட்டரிகளைப் பூட்டுகிறது. தகடு செய்யும் பிரிவுக்கும் பூட்டும் பிரிவுக்கும் நடுவே 5,000 பேட்டரிகளுக்கான தகடுகள் காத்திருக்கின்றன. அப்படியானால் இன்று செய்த தகடு பூட்டப்பட 5 நாள் ஆகும். ஈயப் பசை குறைவாகப் பூசப்பட்டு, சோதனையில் ஒரு பேட்டரி தேறவில்லை என்று வையுங்கள். தவறு நடந்து 5 நாள் கழிந்திருக்கும். அதற்குள் பூசிய தகடுகள் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. அன்று இயந்திரம் எப்படி ஓடியது என்று சொல்லவும் ஆள் இருக்காது. இருப்பு ஒரு நாளுக்கு உரியதாக இருந்தால், நேற்றைய தகடுகளைப் பார்த்தால் போதும்.

ஆனால் ஒரே அடியாகக் குறைத்தால் வேலை நின்றுவிடும். முதலில் 4 நாளாகக் குறைக்க வேண்டும். எந்தத் தகடு இல்லாமல் பூட்டும் பிரிவு நிற்கிறதோ, அந்தத் தகடு வரும் வழியில்தான் காரணம் இருக்கிறது. தகட்டுக்கான ஈயச் சட்டத்தை வார்க்கும் இயந்திரத்தில் வேறு அளவுக்கு அச்சு மாற்ற 4 மணி நேரம் பிடிக்கிறது என்பது அப்போது தெரியவரலாம். இத்தனை நாளும் இருப்பு ஈடுகொடுத்ததால் யாரும் அதைக் கேட்கவில்லை. புதிய அச்சுக்குப் பூச்சு பூசி, சூடேற்றி, இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன்பே தயாராக வைத்தால் நேரம் பெருமளவு குறையும். அதைச் சரிசெய்த பிறகுதான் 3 நாளாக இறக்க வேண்டும்.

எல்லாக் காத்திருப்பும் வீண் அல்ல. பசை பூசிய தகடு ஈரமும் வெப்பமும் அளவாக உள்ள அறையில் கெட்டிப்பட வேண்டும். அந்த நேரத்தை வெட்டினால் பசை உதிரும்.

சித்தூரின் தோதாபுரி மாம்பழக் கூழும் அப்படியே. காய் வருவது சில வாரங்கள்தான், கூழ் விற்பதோ ஆண்டு முழுவதும். அந்த இருப்பு பருவம் தந்தது. முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் மிஞ்சுவது வேறு. 2025-இல் அப்படி மிஞ்சியதால் ஆலைகளின் கொள்முதல் மந்தமாகி விலை சரிந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 4 ரூபாயைத் தானே ஏற்றது. ஆலைகள் தர வேண்டியது 8 ரூபாய்.

ஆகவே எந்தக் கிடங்கிலும் இருப்பை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்முறையும் பருவமும் கேட்பது எவ்வளவு? காரணம் சொல்ல முடியாதது எவ்வளவு? குறைக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.