மூல ஓலை எங்கே?

கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைக் கோலத்தில் அமர்ந்திருக்கிறார் நம்பியாரூரர். முதிய அந்தணர் ஒருவர் தடி ஊன்றி வந்து, "இவன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என் கையில் இருக்கிறது" என்கிறார். ஆரூரர் சினந்து, எட்டிப் பிடுங்கி அந்த ஓலையைக் கிழித்துப் போடுகிறார். கிழவரோ அவர் கையை விடாமல் பற்றிக்கொண்டு முறையிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது.

சுந்தரரைச் சிவபெருமான் தடுத்து ஆட்கொண்ட இந்தக் கதையைக் கேளாத தமிழர் குறைவு. பக்தியோடு கேட்கும்போது கிழவர் யார் என்பதிலேயே மனம் நிற்கும். ஆனால் அந்த அவையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. அவர்கள் முன் இருந்தது ஒரு வழக்கு மட்டுமே. அவர்கள் அதை விசாரித்த முறையை மட்டும் பிரித்துப் படித்தால், பழைய நீதிமன்றம் எப்படி நடந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தமிழ் நூல் வேறு இல்லை என்று நினைக்கிறேன். சேக்கிழார் புலவர் மட்டுமல்லர். சோழ அரசில் உயர் பதவியில் இருந்தவர். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் (1133–1150) பெரிய புராணத்தைப் பாடினார். அதற்குச் சற்று முன்புதான், ஆறாம் விக்கிரமாதித்தனின் (1076–1126) சாளுக்கிய நாட்டில், விஞ்ஞானேசுவரர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு 'மிதாட்சரம்' என்ற உரையை எழுதி முடித்திருந்தார். அந்தச் சட்ட நூல் சொல்லும் நடைமுறையும் சேக்கிழார் காட்டும் அவையும் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன.

சட்ட நூலில் வழக்குக்கு நான்கு கால்கள். முறையீடு, மறுமொழி, நிரூபணம், தீர்ப்பு. இவற்றில் இரண்டாவதான மறுமொழியில்தான் வழக்கின் தலையெழுத்து இருக்கிறது. பிரதிவாதி நான்கு விதமாகப் பதில் சொல்லலாம். ஒப்புக்கொள்ளலாம். அடியோடு மறுக்கலாம். "வாங்கினேன், ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று காரணம் காட்டலாம். "இதே வழக்கில் முன்பே இவன் தோற்றுப்போனான்" என்று பழைய தீர்ப்பைக் காட்டலாம். மறுத்தால், நிரூபிக்கும் சுமை வழக்குத் தொடுத்தவன் தலையில். காரணமோ பழைய தீர்ப்போ சொன்னால், அந்தச் சுமை பதில் சொன்னவன் தலைக்கு மாறிவிடும்.

ஆரூரர் மறுத்தார். அவையோர் கேட்டபோது, தாம் ஆதிசைவர் என்பது அவர்களுக்கே தெரியும் என்றும், தம்மை அடிமை என்று இவர் சாதிப்பது அறிவுக்கு எட்டாத மாயமாக இருக்கிறது என்றும் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார். இது நல்ல மறுமொழி. "என் பாட்டன் எழுதியது உண்மைதான், ஆனால் அந்தக் கடமை தீர்ந்துவிட்டது" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தீர்ந்ததற்கு அவர்தான் ஆதாரம் தேட வேண்டியிருக்கும். வெறுமனே மறுத்ததால் அவை கிழவரின் பக்கம் திரும்பியது. சொன்னதை எங்கள் முன் மெய்ப்பிக்க வேண்டியவர் நீர்தான் என்றது.

எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? ஆட்சி, ஆவணம், காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டச் சொன்னார்கள். யாக்ஞவல்கியர் வகுத்த மூன்று சான்றுகளும் இவையேதான். ஆட்சி என்றால் அனுபவ பாத்தியதை. ஒருவன் நிலத்தைத் தன் கண் முன்னாலேயே பிறன் 20 ஆண்டுகள் அனுபவிக்க, உரியவன் வாய் திறக்காமல் இருந்தால், பிறகு அவன் கோருவதற்கு வலு இல்லை. பொருளுக்கு 10 ஆண்டுகள். அடகு வைத்தது, ஒப்படைத்து வைத்தது, சிறுவர் சொத்து போன்றவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. ஆவணம் என்பது எழுதிக் கொடுத்த ஓலை. காட்சி என்பது அக்கம்பக்கத்தார் கண்ணால் கண்டது. மூன்றும் இல்லாதபோதுதான் தராசு, தீ, நீர், நஞ்சு என்று தெய்வச் சோதனைக்குப் போகலாம் என்று நூல் சொல்கிறது. மனிதச் சான்று கிடைக்கும் இடத்தில் தெய்வத்தைக் கூப்பிடக் கூடாது என்ற இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது.

ஆட்சி கிழவருக்கு இல்லை. ஆரூரர் ஒரு நாளும் அவருக்குக் குற்றேவல் செய்ததில்லை. நேரில் கண்ட சாட்சியையும் அவர் கூட்டி வரவில்லை. கூட்டி வந்திருந்தால் அந்த அவை எதையெல்லாம் பார்த்திருக்கும் என்பது சொல்ல வேண்டிய செய்தி.

சாட்சிகள் பொதுவாக மூன்று பேருக்குக் குறையக் கூடாது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால் ஒருவரே போதும். வழக்காளியின் நண்பன், பகைவன், சூதாடி, குடிகாரன், பித்துப் பிடித்தவன், சிறுவன் ஆகியோரின் சொல் செல்லாது. அடிதடி, திருட்டு போன்ற வழக்குகளில் மட்டும் இந்தத் தடைகள் தளரும். அங்கே யார் கண்டார்களோ அவர்கள்தான் சொல்ல முடியும். சாட்சி சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கச் சொல்கிறது நூல். நிலைகொள்ளாமல் இடம் மாறுகிறானா, கடைவாயை நக்குகிறானா, நெற்றி வியர்க்கிறதா, முகம் வெளுக்கிறதா, நா வறண்டு சொல் தடுமாறுகிறதா. சாட்சிகள் முரண்பட்டால் பெரும்பான்மை பக்கம். இரு பக்கமும் சமமானால் நற்குணத்தவர் பக்கம். தெரிந்தும் வாய் திறக்காத சாட்சிக்கும் தண்டனை உண்டு. கடன் வழக்கில் 46ஆம் நாள் அந்தக் கடனையே அவன் கட்ட வேண்டும். பெண்களைப் பொதுவாக விலக்கியதும், சாட்சியின் வருணம் பார்த்துச் சத்தியத்தை மாற்றியதும் இந்த நூல்களின் தீராத கறை. எத்தனை பேர் உண்மையை அறிந்தும் சொல்ல இடமின்றி நின்றிருப்பார்கள்!

தமிழிலும் சாட்சியை விசாரித்த வழக்கு ஒன்று அகநானூற்றின் 256ஆம் பாட்டில் இருக்கிறது. கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணோடு உறவு கொண்டுவிட்டு, அவளைத் தெரியவே தெரியாது என்று அவையில் சத்தியம் செய்கிறான். அவை அந்தச் சத்தியத்தோடு நிற்கவில்லை. அறிந்தவர்களை அழைத்துக் கேட்டது. பொய் வெளிப்பட்டதும் அவனை மரக்கிளையில் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டினார்கள். சாட்சிக்கு அந்தப் பாட்டில் வரும் சொல் 'கரி'.

வெண்ணெய்நல்லூருக்கு வருவோம். கிழவரிடம் மிஞ்சியது ஆவணம் ஒன்றே. அதுவும் கிழிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிடுங்கிக் கிழித்தது வெற்றி ஆகிவிடுமா என்று அவையே ஆரூரரைக் கேட்டிருந்தது. அப்போது கிழவர், அவன் கிழித்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றார். காட்ட முடியுமா என்று கேட்டார்கள். இதையும் அவன் கிழிக்காமல் நீங்கள் காப்பதானால் காட்டுவேன் என்றார். அவை பொறுப்பேற்றது. அதன் பிறகே ஓலை கரணத்தான் கைக்குப் போனது. கரணத்தான் என்பவர் அவையின் எழுத்தர். எதிராளி கையில் அது போகவே இல்லை.

கரணத்தான் சுருளைப் பிரித்து, எல்லோரும் கேட்க வாசித்தார். நாவலூர் ஆதிசைவன் ஆரூரன், அதாவது பாட்டன், வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்குத் தானும் தன் வழிவந்தோரும் தொண்டு செய்ய இசைந்து, தன் கையெழுத்திட்ட ஓலை. யார் எழுதினார், யாருக்கு, எதற்கு, இசைந்து எழுதினாரா, கையெழுத்து, சாட்சிகளின் மேலெழுத்து. ஸ்மிருதி ஒரு பத்திரத்தில் எதிர்பார்க்கும் உறுப்புகள் எல்லாம் இருந்தன. முதலில் மேலெழுத்திட்டவர்களின் எழுத்தைப் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

அடுத்த படிதான் வழக்கின் உச்சம். இது உங்கள் பாட்டனார் எழுத்துதானா என்று தெளிவாகப் பாருங்கள் என்று ஆரூரரிடம் சொன்னார்கள். கிழவர் குறுக்கிட்டார். இந்தப் பிள்ளையா பாட்டன் எழுத்தை அறிவான்? அவர் எழுதிய வேறு ஓலை இருந்தால் வரவழைத்து, இதனோடு ஒப்பிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்றார். ஐயத்துக்குரிய பத்திரத்தை, எழுதியவரின் வேறு கையெழுத்தைக் கொண்டு தெளிய வேண்டும் என்பது யாக்ஞவல்கியர் வாக்கு. அவையோர் காவலில் இருந்த வேறோர் ஓலையை எடுத்துவரச் செய்தார்கள். மாதிரி கிழவர் மடியிலிருந்து வரவில்லை. ஆரூரர் வீட்டிலிருந்தும் வரவில்லை. இரு தரப்பும் கை வைக்க முடியாத இடத்திலிருந்து வந்தது. அப்படி வந்தால்தான் ஒப்பீட்டுக்கு மதிப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒத்திருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். நம்பி, நீர் தோற்றீர், இவருக்குத் தொண்டு செய்வதே கடன் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆவணம் உண்மை என்று காட்டிவிட்டால் அதில் எழுதியது செல்லும் என்று ஆகிவிடாது. அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது எங்குமில்லை என்று ஆரூரர் மணப்பந்தலிலேயே சொன்னார். அவையும் முதலில் அதையே சொன்னது. காத்தியாயனர் ஸ்மிருதி அந்தக் கூற்றை ஆதரிக்கிறது: ஒரே வருணத்துக்குள்கூட அந்தணனை அடிமையாக்கக் கூடாது. பிறக்காத பேரனைப் பாட்டன் கட்டிப்போட முடியுமா என்பது இன்னொரு கேள்வி. எழுதிய கடன் மூன்று தலைமுறை வரை தொடரும் என்று ஸ்மிருதி சொல்வது உண்மைதான். பாட்டன், தந்தை, பேரன் என்று எண்ணினால் ஆரூரர் மூன்றாமவர். ஆனால் அது பணத்துக்குச் சொன்ன விதி, ஆளுக்கு அல்ல. எழுதியவர் இசைந்தார் என்ற ஒன்றையே அவை பெரிதாகக் கொண்டது. எழுத்து உண்மை என்றானதும், எழுதப்பட்டது செல்லுமா என்ற கேள்வியை எடுக்கவே இல்லை. நான் அந்த அவையில் இருந்திருந்தால் அங்கேதான் எழுந்து நின்றிருப்பேன்.

இன்னொன்றையும் அவர்கள் தீர்ப்புக்குப் பிறகுதான் கேட்டார்கள். ஓலை வெண்ணெய்நல்லூர்ப் பித்தன் என்கிறது. அது இந்த ஊர். ஆனால் இந்தக் கிழவரை இங்கே யாரும் பார்த்ததில்லை. உம்முடைய வீடு எது, காட்டும் என்றார்கள். என்னை ஒருவரும் அறியீராகில் வாருங்கள் என்று சொல்லி அவர் முன்னே நடந்தார். நம்பியும் அவையோரும் பின்னே போனார்கள். அவர் ஊர்க் கோயிலான திருவருட்டுறைக்குள் நுழைந்தார். அதற்கு மேல் அவரை அவர்கள் காணவில்லை.