ஒரே ஹாலில் இரண்டு வெளிச்சம்: மஞ்சளையும் பச்சையையும் சரிசெய்வது எப்படி?

வீட்டு ஹாலில் எடுத்த நிச்சயதார்த்த வீடியோவை டிவியில் போட்டுப் பார்க்கும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள். பூஜை அறைப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு மஞ்சள்காமாலை வந்ததுபோல் இருக்கிறது. டியூப் லைட்டுக்கு அடியில் இருப்பவர்கள் முகத்திலோ பச்சை ஓடியிருக்கிறது. நேரில் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தானே இருந்தது?

நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும். கேமராவோ ஒரு நேரத்தில் ஒரு வெளிச்சத்தை மட்டும்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். மஞ்சள் பல்பின் நிற வெப்பநிலை சுமார் 2700 கெல்வின். வெள்ளை டியூப் லைட்டினுடையது பெரும்பாலும் 6500. இரண்டுக்கும் நடுவில் கேமரா எங்கே நின்றாலும் ஒரு பக்கம் நிறம் கெடும். பச்சைக்குக் காரணம் வேறு. பழைய டியூப் லைட்டுக்குள் இருக்கும் பாதரச ஆவி, 546 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சையைத் தூக்கலாக உமிழ்கிறது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றிலும் இந்தப் பச்சைச் சாய்வு உண்டு.

அதனால்தான் எடிட்டிங் மென்பொருளில் Temp, Tint என்று இரண்டு ஸ்லைடர்கள் இருக்கின்றன. முதலாவது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே ஓடுகிறது. இரண்டாவது பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே. பச்சை முகத்தைச் சரிசெய்கிறேன் என்று Temp-ஐ எவ்வளவு நகர்த்தினாலும் பச்சை போகாது. படம் நீலமாகவோ மஞ்சளாகவோ மாறும், அவ்வளவுதான்.

அந்த நிச்சயதார்த்தக் காட்சியையே இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வில் திறப்போம். பெண்ணும் மாப்பிள்ளையும் டியூப் லைட் பக்கம் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வெளிச்ச அளவைச் சரிசெய்ய வேண்டும். பிறகு, முக்கியமானவர்கள் முகத்தில் விழும் வெளிச்சத்துக்கு மட்டும் முழுப் படத்தையும் திருத்த வேண்டும். இங்கே கண்ணை நம்பக்கூடாது. Parade என்ற வரைபடத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அதில் தனித்தனியாகத் தெரியும். டியூப் லைட் அடியில் நிற்பவர் கட்டியிருக்கும் வெள்ளை வேட்டி, வரைபடத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே பச்சை மட்டும் உயரமாக இருந்தால், மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வரும்வரை Tint-ஐ மெஜந்தா பக்கம் நகர்த்த வேண்டும். மிச்சமிருக்கும் சாய்வை Temp பார்த்துக்கொள்ளும். பட்டு வேட்டியை அளவுகோலாக வைக்க வேண்டாம். அதன் இயல்பே சந்தன நிறம். அதை வெள்ளையாக்கப் போனால் முகங்கள் நீலம் பாரிக்கும்.

இப்போது பூஜை அறைப் பக்கம் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். அதற்குத் தனி நோட் ஒன்று சேர்த்து, அந்தப் பகுதியைச் சுற்றி ஒரு விண்டோ வரைந்து, ஓரங்களை நன்றாக மென்மையாக்கி, உள்ளே மட்டும் மஞ்சளைக் குறைக்க வேண்டும். கேமரா நகர்ந்திருந்தால் விண்டோவும் கூடவே நகரும்படி டிராக் செய்வது அவசியம். இல்லையென்றால் அங்கே நடந்துவரும் அத்தையின் புடவை பாதி வழியில் நிறம் மாறும். மஞ்சளை முழுக்கத் துடைக்கவும் கூடாது. குத்துவிளக்கும் மஞ்சள் பல்பும் இருக்கும் மூலை கொஞ்சம் மஞ்சளாக இருப்பதுதான் இயல்பு. பாதி குறைத்தாலே போதும்.

அளவு மீறிவிட்டதா என்பதை நகை சொல்லிவிடும். தங்கச் சங்கிலி வெள்ளிபோல் வெளுத்தால் மஞ்சளை அதிகமாக எடுத்துவிட்டீர்கள். கருங்கூந்தலிலும் நிழலிலும் ஊதா தெரிந்தால் மெஜந்தா கூடிவிட்டது. எவ்வளவு திருத்தியும் கன்னத்தில் மட்டும் பச்சை நின்றால், பக்கத்துச் சுவரைப் பாருங்கள். வெளிர்பச்சை பெயின்ட் அடித்த சுவரிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் முகத்தில் விழுந்திருக்கும். அதை விண்டோ போட்டுத்தான் குறைக்க முடியும்.

சில கேடுகளுக்கு மருந்து கிடையாது. மஞ்சள் பல்பின் கீழ் நீலம் முற்றிலும் பதிவாகாமல் Parade-இன் அடியில் ஒட்டிக் கிடந்தால், ஸ்லைடரை நகர்த்தினால் புள்ளிப் புள்ளியாக இரைச்சல்தான் வரும். மலிவான விளக்கின் ஒளியில் சிவப்பே குறைவாக இருந்தால், அரக்குப் பட்டு மங்கலாகத்தான் பதிவாகும்; இல்லாத நிறத்தைப் பின்னால் கொண்டுவர முடியாது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் எடுத்த காட்சியில் கேமரா திரும்பும்போதெல்லாம் நிறம் மாறிக்கொண்டே போகும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும்.

எனவே படம்பிடிக்கும் முன், இரண்டு வகை விளக்குகளில் ஒன்றை அணைக்க முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அணைத்த பிறகு ஒயிட் பேலன்ஸை மிச்சமிருக்கும் விளக்குக்கு ஏற்ப வைத்துப் பூட்டிவிடுங்கள். அப்போது எடிட்டிங்கில் ஒரே திருத்தம் முழுக் காட்சிக்கும் போதும். விண்டோவுக்கு வேலையே இருக்காது.